போல்ட் துளைக்கு எத்தனை மி.மீ.? ஆறு போல்ட்டும் அரம் இல்லாமல் இறங்கிய கதை

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் பட்டறையில் போன வருடம் ஒரு பம்ப் ஸ்கிட் கட்டினோம். நீளமான இரும்புச் சட்டம், அதன் மேல் வெல்டிங் செய்த 12 மி.மீ. பிளேட், அந்தப் பிளேட்டின் மேல் மோட்டார் உட்காரும் 20 மி.மீ. பிளேட். இரண்டையும் ஆறு எம்10 போல்ட்டும் நட்டும் பிடிக்க வேண்டும். 120 மி.மீ. இடைவெளியில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை, வரிசைகளுக்கு நடுவே 140 மி.மீ. இதைவிட எளிதான வேலை உண்டா என்றுதான் நினைத்தேன்.

இரண்டு பிளேட்டிலும் துளை 10.5 என்று டிராயிங்கில் போட்டவன் நான்தான். ஐஎஸ்ஓ 273 அட்டவணையில் எம்10-க்கு மூன்று அளவுகள் இருக்கும்: நெருக்கமான பொருத்தத்துக்கு 10.5, நடுத்தரத்துக்கு 11, தளர்வானதுக்கு 12. மோட்டார் ஆடக் கூடாது, அதனால் நெருக்கமானதே நல்லது என்று 10.5 எடுத்தேன். துளைகளின் இடத்துக்கு எல்லா அளவிலும் ±0.3 என்று போட்டுவிட்டேன். ஏன் 0.3 என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. வழக்கமாகப் போடுவது, அவ்வளவுதான்.

பொருத்தும் நாளன்று நான்கு போல்ட் இறங்கின. நாலாவது துளையிலும் ஐந்தாவதிலும் மாட்டிக்கொண்டது. மேல் பிளேட்டை ரப்பர் சுத்தியலால் தட்டித் தள்ளினால் நாலும் ஐந்தும் இறங்கின, ஒன்றாவது மாட்டிக்கொண்டது. கடைசியில் எங்கள் மூத்த மெஷினிஸ்ட் அண்ணன் உருண்டை அரத்தை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ராவினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அவர் ராவத் தொடங்குவதற்கு முன் நாலாவது துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் பிளேட்டின் வட்டம் முழுதாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் கீழ்ப் பிளேட்டின் இரும்பு பிறை நிலா போல மெலிதாக எட்டிப் பார்த்தது. போல்ட்டின் நுனி அந்தப் பிறையில்தான் இடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு பிளேட்டையும் அளந்தேன். மேல் பிளேட்டின் நாலாவது துளை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து வலப்பக்கம் 0.28, கீழ்ப்பக்கம் 0.25 விலகி இருந்தது. சட்டத்தின் பிளேட்டில் அதே துளை இடப்பக்கம் 0.22, மேல்பக்கம் 0.18. நான்கு எண்ணும் 0.3-க்குள் அடங்கியவை. அதாவது இரண்டு பிளேட்டும் டிராயிங்படி பாஸ். செய்தவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஆனால் விலகல்கள் எதிரெதிர்த் திசையில் விழுந்திருந்தன. குறுக்கில் 0.50, நெடுக்கில் 0.43 சேர்ந்து, இரண்டு மையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் 0.66 மி.மீ. துளைகள் அளந்தபோது 10.52, 10.50. இப்படி விலகிய இரண்டு துளைகள் வழியாக எவ்வளவு தடிமனான தண்டு போகும்? இரண்டு விட்டங்களின் சராசரியிலிருந்து மைய விலகலைக் கழித்தால் போதும். 10.51-ல் 0.66 போனால் 9.85. போல்ட்டின் தண்டை மைக்ரோமீட்டரில் பிடித்தேன், 9.93. வெறும் 0.08 மி.மீ., நாம் எழுதும் காகிதத்தின் தடிமன் அளவு. அந்தக் காகிதத்துக்காகத்தான் ஒரு மணி நேர அரம்.

அடுத்து அதே மாதிரி ஸ்கிட் ஒன்று ஆர்டரில் இருந்தது. இந்த முறை ஒழுங்காகக் கணக்குப் போட்டே துளை போடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ±0.3. குறுக்கும் நெடுக்கும் 0.3 அனுமதித்தால் துளையின் மையம் ஒரு சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். சதுரத்தின் மூலை, நடுவிலிருந்து 0.42 தள்ளி இருக்கிறது. அந்த மூலையையும் உள்ளடக்கி வட்டம் போட்டால் அதன் விட்டம் 0.85. நான் 0.3 என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் 0.85 மி.மீ. விட்டமுள்ள பொசிஷன் டாலரன்ஸ். பொசிஷன் டாலரன்ஸ் என்பது இப்படி விட்டமாகவே சொல்லப்படும் எண். துளையின் அச்சு அந்த விட்டமுள்ள கற்பனை உருளைக்குள், பிளேட்டின் மேலிருந்து அடி வரைக்கும், அடங்கி இருக்க வேண்டும்.

இரண்டு பிளேட்டிலும் வெறும் துளை, போல்ட் இரண்டையும் தாண்டிப் போய் மறுபக்கம் நட்டில் முடிகிறது என்றால் அது ஃப்ளோட்டிங் ஃபாஸ்டனர். போல்ட் எந்தப் பிளேட்டிலும் கட்டுண்டு இல்லை, துளைக்குள் மிதக்கிறது என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர். இதற்கான சூத்திரம் ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரநிலையின் பின்னிணைப்பில் இருக்கிறது. ஒரே வரி:

```
H = F + T
```

H என்பது துளை வரக்கூடிய மிகச் சிறிய விட்டம். F என்பது போல்ட் வரக்கூடிய மிகப் பெரிய விட்டம். T என்பது அந்தப் பிளேட்டின் பொசிஷன் டாலரன்ஸ். எம்10 அறுகோண போல்ட்டின் தண்டு தரநிலைப்படி அதிகபட்சம் 10.00, ஆகவே F பத்து. என் பழைய டிராயிங்கில் T 0.85. அப்படியானால் துளை 10.85 இருந்திருக்க வேண்டும். நான் போட்டது 10.5. எல்லா ஸ்கிட்டும் மாட்டிக்கொள்ளாமல் எப்படிப் போயின என்றுதான் ஆச்சரியப்பட வேண்டும். விலகல்கள் எப்போதும் மூலைக்கே போவதில்லை, எப்போதும் எதிரெதிராக விழுவதுமில்லை. நாம் அந்த அதிர்ஷ்டத்தில் காலத்தை ஓட்டுகிறோம்.

சூத்திரத்தை அண்ணனிடம் காட்டியபோது அவர் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்.

"தம்பி, தப்பு ரெண்டு பிளேட்டுலயும் இருக்கு. நீங்க ஒரு பிளேட்டோட தப்பத்தான் கூட்டியிருக்கீங்க. ரெண்டையும் கூட்ட வேண்டாமா?"

நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் அதே சந்தேகம் இருந்தது. கேன்டீனில் தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, மேசையில் சிந்திய தண்ணீரில் வட்டம் போட்டுத்தான் விளக்கினேன்.

துளை இருக்க வேண்டிய சரியான இடத்தில், இம்மியும் விலகாமல், 10.0 தண்டு ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் பிளேட்டின் துளை 10.5, அதன் டாலரன்ஸ் 0.5. துளை மிஞ்சிப் போனால் எந்தப் பக்கமும் 0.25 விலகும். துளைக்கும் தண்டுக்கும் நடுவே சுற்றிலும் இருக்கும் இடைவெளியும் 0.25தான். எவ்வளவு விலகினாலும் தண்டை அது தொடும், தள்ளாது. இப்போது கீழ்ப் பிளேட்டை எடுங்கள். அதற்கும் அதே தண்டு, அதே கணக்கு. அதன் துளை எதிர்ப்பக்கம் 0.25 விலகினாலும் தண்டு நிற்கும் இடத்தில் இடம் காலியாகவே இருக்கும். மேல் பிளேட்டின் தப்பை மேல் பிளேட்டின் துளை பெரிதாகி விழுங்குகிறது, கீழ்ப் பிளேட்டின் தப்பைக் கீழ்ப் பிளேட்டின் துளை விழுங்குகிறது. ஒரு பிளேட் மற்றதைக் கவனிக்கவே வேண்டாம். நடுவில் நிற்கும் போல்ட்டுக்கு வழி விட்டால் போதும்.

"அப்ப ரெண்டையும் கூட்டத்தான் செஞ்சிருக்கோம். ஆளுக்குப் பாதியா ரெண்டு ஓட்டையில போட்டிருக்கோம்" என்றார் அண்ணன். நான் அரை மணி நேரமாகச் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, இனி எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பிளேட்டின் டாலரன்ஸும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மேல் பிளேட் எங்கள் சிஎன்சி மெஷினில், ஒரே பிடியில் ஆறு துளையும் போடுவது. 0.5 என்பது அதற்குத் தாராளம். சட்டத்தின் பிளேட் அப்படியில்லை. வெளியே லேசரில் வெட்டி, சட்டத்தில் வெல்டிங் வைத்து, பிறகு துத்தநாகத் தொட்டியில் முக்கி கால்வனைஸ் செய்து வரும். சூட்டில் இரண்டு முறை நெளிந்த பிளேட் அது. சட்டம் எங்கள் மெஷின் மேசையில் ஏறாத நீளம் என்பதால் பிறகு துளை போடவும் வழியில்லை. முந்தைய சட்டங்கள் இரண்டு யார்டில் கிடந்தன. அவற்றை அளந்து பார்த்ததில் மிக மோசமான துளை 0.9 விட்டத்துக்குள் அடங்கியது. 1.0 கொடுத்தேன்.

```
மேல் பிளேட்:   H = 10.0 + 0.5 = 10.5
சட்டப் பிளேட்:  H = 10.0 + 1.0 = 11.0
```

10.5, 11.0 இரண்டுமே அட்டவணையில் இருக்கிற அளவுகள். கணக்கு அப்படி வந்ததல்ல, 0.4-ஆக இருந்த ஒன்றை நானே 0.5-க்கு ஏற்றினேன். கையில் இருக்கும் டிரில் பிட்டுக்கு ஏற்ற துளையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை டாலரன்ஸாகத் திருப்பிக் கொடுப்பதே புத்திசாலித்தனம். மெஷினிஸ்டுக்கு 10.4 என்று போட்டுக் கொடுத்துவிட்டு அவர் பிட் தேடி அலைவதில் யாருக்கும் லாபமில்லை.

டிராயிங்கைப் பார்த்த எங்கள் மேனேஜருக்கு இரண்டு வேறு வேறு துளை அளவு பிடிக்கவில்லை. இரண்டிலும் 10.75 போட்டுவிடலாமே, மொத்தம் அதேதானே என்றார். இரண்டு துளைகளும் நேராக நிற்கும்வரை அவர் சொன்னது சரிதான். சட்டத்தின் துளை ஒரு பக்கம் 0.5 விலகி, மேல் துளை எதிர்ப்பக்கம் 0.25 விலகினால் மைய விலகல் 0.75. 10.75-ல் 0.75 போனால் 10.0. போல்ட் இறங்கிவிடும், ஆனால் சரியான இடத்தில் இல்லை, 0.125 தள்ளிப்போய் இறங்கும். சட்டத்தின் துளைக்கு இடம் போதாததை மேல் பிளேட்டின் துளை கடனாகக் கொடுத்திருக்கிறது.

பிரச்சினை, துளை சாய்ந்தால் வரும். வெல்டிங்கில் நெளிந்த 12 மி.மீ. பிளேட் இரண்டு டிகிரி சாய்ந்தாலே, துளையின் மேல் வாய்க்கும் அடி வாய்க்கும் 0.4 வித்தியாசம் வந்துவிடும். மேல் வாய் ஒரு பக்கம் போல்ட்டை வரச் சொல்லும், அடி வாய் வேறு பக்கம் இழுக்கும். கடன் வாங்கும் கணக்கு அப்போது பலிக்காது. ஒவ்வொரு பிளேட்டும் தன் T-ஐத் தானே சுமந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏனென்றால் பொசிஷன் டாலரன்ஸின் உருளைக்குள் சாய்வும் சேர்த்தி. 11.0 துளை 1.0 உருளைக்குள் எப்படிச் சாய்ந்து கிடந்தாலும், நடுவே நேராக 10.0 தண்டு போக வழி இருக்கும். மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட முகம் இல்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த தொந்தரவு சட்டம் செய்பவரிடமிருந்து வந்தது. மூன்றாவது, ஆறாவது துளைகளுக்கு நேர் கீழே சதுரக் குழாய் ஓடுகிறது, நட் போட ஸ்பேனர் நுழையாது, அந்த இரண்டிலும் பிளேட்டின் அடியில் நட்டை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். கேட்பதற்கு வசதியான யோசனை. ஆனால் நட்டை வெல்டிங் வைத்த அந்த நொடியில் போல்ட் மிதப்பது நின்றுவிடுகிறது. நட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போல்ட் நிற்கும். பிளேட்டிலேயே டேப் போட்டு மரை வெட்டினாலும் இதே கதை. சட்டத்தின் பக்கம் தப்பை விழுங்க இப்போது பெரிய துளை இல்லை. ஆகவே இரண்டு தப்பையும் மேல் பிளேட்டின் துளை ஒன்றே விழுங்கியாக வேண்டும்.

```
H = F + T1 + T2 = 10.0 + 0.5 + 1.0 = 11.5
```

அண்ணன் கேன்டீனில் கேட்ட "ரெண்டையும் கூட்ட வேண்டாமா" இங்கேதான் பொருந்துகிறது. எல்லாத் துளையும் 10.5 இருக்கும் மேல் பிளேட்டில் இரண்டு மட்டும் 11.5 ஆக வேண்டும். அதுவும் போதாது. நட் சாய்ந்து ஒட்டியிருந்தால் போல்ட்டும் சாய்ந்து எழும், 20 மி.மீ. மேலே போவதற்குள் அந்தச் சாய்வு பெரிதாகிவிடும். அதற்காகப் பிளேட்டுக்கு மேலே நீட்டப்பட்ட டாலரன்ஸ் உருளை என்று தனியாக ஒன்று டிராயிங்கில் குறிக்க வேண்டும். வெல்டிங் நட்டுக்கு இத்தனை பாடு எதற்கு? சதுரக் குழாயை 40 மி.மீ. உள்ளே நகர்த்தச் சொன்னேன். ஸ்பேனர் நுழைந்தது. ஆறும் மிதக்கும் போல்ட்டுகளாகவே இருந்தன.

ஒரு பழக்கமாக இதை வைத்துக்கொண்டேன்: சூத்திரத்தை எழுதுவதற்கு முன் போல்ட்டின் இரண்டு முனையையும் விரலால் தொட்டுப் பார்ப்பது. இரண்டு முனையும் கையோடு வந்தால் ஒரு T. ஒரு முனை எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு T. இடத்தை மறந்து தவறான சூத்திரத்தைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிதக்கும் போல்ட்டுக்கு இரண்டு T போட்டால் துளை தேவையில்லாமல் பெரிதாகும், அதோடு போகும். டேப் போட்ட துளைக்கு ஒரு T போட்டால் உருண்டை அரம்தான்.

கால்வனைஸ் விஷயத்தை முதலில் நான் மறந்தே போயிருந்தேன். H என்பது கடைசியில், போல்ட் போடும் நேரத்தில் இருக்கும் விட்டம். 6 மி.மீ.-க்கு மேல் தடிமனுள்ள இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு சராசரி 85 மைக்ரான் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 1461. துளைக்குள் இரண்டு பக்கமும் ஏறும், ஆக விட்டத்தில் 0.17 குறையும். 11.0 வெட்டிக் கொடுத்தால் திரும்பி வருவது 10.83. அதனால் லேசர் டிராயிங்கில் 11.3 என்றும், பூச்சுக்குப் பின் 11.0-க்குக் குறையக் கூடாது என்றும் இரண்டையும் எழுதினேன். போல்ட்டுக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்டோரில் கால்வனைஸ் செய்த எம்10 பெட்டி ஒன்று இருந்தது, எடுத்து அளந்தால் தண்டு 10.1-ஐத் தாண்டியது. அதைப் போட்டால் F பத்து இல்லை, மொத்தக் கணக்கும் மாறும். கடலோரம் என்பதால் 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தப்பித்தேன்.

துளை பெரிதாவதற்கும் ஒரு எல்லை வேண்டும். சூத்திரம் சிறியது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், பெரியதைப் பற்றிப் பேசாது. 11.0-க்கு மேல் 0.27 வரை விட்டேன். அதற்கு மேல் போனால் நட் அமரும் இரும்பு குறைகிறது. 20 மி.மீ. வாஷர் போட்டால் 11.27 துளையில் போல்ட் ஓரத்துக்கே ஒதுங்கினாலும் சுற்றிலும் இரும்பு இருக்கும். மோட்டார் ஆடக் கூடாது என்று பயந்துதானே முதலில் 10.5 போட்டேன்? அந்தப் பயமே தவறு. மோட்டாரை ஆடாமல் பிடிப்பது இறுக்கிய போல்ட்டின் அழுத்தமும் பிளேட்டுகளின் உராய்வும்தான், துளையின் சுவர் அல்ல. இம்மி பிசகாமல் அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும் என்றால் டவல் பின் போட வேண்டும். எங்களுக்குத் தேவைப்படவில்லை, மோட்டாரை பம்புக்கு நேர்செய்வது மேல் பிளேட்டில் தனியாக நடக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 10.5-ல் 0.5 போனால் 10.0. 11.0-ல் 1.0 போனாலும் 10.0. இரண்டு பிளேட்டிலும், எத்தனை மோசமாக இருந்தாலும், போல்ட்டுக்கு மிஞ்சும் வழி 10.0தான். அப்படியென்றால் இரண்டையும் ஒரே கேஜால் சோதிக்கலாம். துண்டாகக் கிடந்த 25 மி.மீ. பிளேட்டில் 120, 140 அளவில் ஆறு துளைகளை மிகக் கவனமாகப் போட்டு, ஆறு 10 மி.மீ. டவல் பின்களை அடித்தோம். பிளேட் கேஜ் மேல் உட்கார்ந்தால் பாஸ். உயர அளவியும் வேண்டாம், மூலையிலிருந்து எண்ணி எழுதவும் வேண்டாம். இரண்டு பிளேட்டும் தனித்தனியாக ஒரே கேஜில் உட்கார்ந்தால், கேஜின் பின் நிற்கும் இடத்தில் போல்ட் நிற்கலாம் என்று அர்த்தம். இதற்கு மேல் நிரூபணம் என்ன வேண்டும்?

இதற்கு டிராயிங்கில் பொசிஷன் டாலரன்ஸுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் எம் எழுத்தைப் போட வேண்டும். அது இருந்தால் துளை 11.0-க்குப் பதில் 11.1 ஆக வந்தால் அதன் டாலரன்ஸும் 1.0-லிருந்து 1.1 ஆகிறது. பெரிய துளைக்குக் கொஞ்சம் கூடுதல் விலகல் பொறுக்கும் என்பது பொது அறிவு, கேஜும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

மேல் பிளேட் எந்தச் சத்தமும் இல்லாமல் கேஜில் உட்கார்ந்தது. சட்டம் கால்வனைஸ் ஆகி லாரியில் வந்த அன்று மழை. கூரைக்கு அடியில் இழுத்துவைத்து, கேஜைக் கவிழ்த்துப் பிடித்து இறக்கினோம். ஐந்து பின் நுழைந்தன, ஐந்தாவது துளையின் பின் மட்டும் அடிப்பக்கம் தட்டியது. மறுபடியும் ஐந்தா என்று எனக்கு வயிறு கலங்கியது.

இந்த இடத்தில் அரத்தைத் தேடக் கூடாது. துளை சிறியதா, துளை இடம் மாறியதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். 11.0 தனிப் பின் ஒன்றை அந்தத் துளைக்குள் மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். அது நுழைந்து கேஜ் நுழையாவிட்டால் துளை போதுமான பெரிதுதான், இடம் தவறு. சட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தனிப் பின்னே நுழையாவிட்டால் துளை சிறியது. அப்போது இடத்தைப் பற்றிக் கேஜ் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் 11.0 பின் பாதி போய் நின்றது. டார்ச் அடித்தால் அடி விளிம்பில் துத்தநாகம் ஒழுகி உறைந்த சொட்டு ஒன்று, மெழுகுவர்த்தியில் நிற்பது போல.

அண்ணன் உருண்டை அரத்தை எடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த முறை இரண்டு நிமிடம். சொட்டு மட்டும் போனது, அடியில் இருந்த பூச்சில் வெளுத்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட் தொட்டுவைத்தார். தனிப் பின் போனது. கேஜை இறக்கினோம், ஆறும் போயின.

மேல் பிளேட்டைச் செயின் பிளாக்கில் தூக்கி வைத்து, விளிம்பைக் கண்ணளவில் சேர்த்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையின் வாயில் வைத்துக் கையை விட்டார் அண்ணன். ஆறும் தம் எடையிலேயே இறங்கி வாஷரில் 'டக்' என்று உட்கார்ந்தன. நாலாவது மட்டும் பாதியில் ஒரு நொடி தயங்கியது. விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

கேஜ் இப்போது டூல் ரூம் ஆணியில் தொங்குகிறது. மூன்றாவது ஸ்கிட்டுக்கு மேனேஜர் எம்12 கேட்டிருக்கிறார். புதிதாக ஆறு பின் வாங்க வேண்டும்.